பச்சை வளையத்தைக் கழற்றிவிட்டு ஒரு வாழ்த்து

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மாவு ஒட்டிய விரலோடு போனைத் திறந்த பிரேமாவுக்கு மஹேஷ் டெஸ்ட் மேனேஜர் ஆகிவிட்டான் என்று தெரிந்தது. லிங்க்ட்இன் அதை மணியடித்துச் சொன்னது. சொன்னதோடு நிற்காமல், வாழ்த்தையும் அதுவே எழுதி ஒரு கட்டத்துக்குள் தயாராக வைத்திருந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கடமை முடிந்தது. அதற்குள் இருநூற்றுப் பதினேழு பேர் தட்டிவிட்டிருந்தார்கள்.

பிரேமா தட்டவில்லை. முதலில் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அதை ஒளிப்பானேன். ஒன்பது வருடத்துக்கு முன் பயிற்சிக்கு வந்து, தன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எதற்கெடுத்தாலும் "சேச்சி, சேச்சி" என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் இன்றைக்கு மேனேஜர். வேலை சொல்லிக்கொடுத்தவளோ வேலைநாளில் வீட்டில் நின்று தோசைமாவு கரைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பொறாமை அரை நிமிடம் இருந்தது. பிறகு அவளுக்குப் பிப்ரவரி இருபத்தொன்பது ஞாபகம் வந்தது, தனியாக நின்று சிரித்துவிட்டாள். அதன்பின் மனசில் இருந்தது சந்தோஷம் மட்டும்தான்.

சந்தோஷப்படும் நிலைமையில் அவள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலையாள மண்ணில், கழக்கூட்டத்து ஐ.டி. பார்க்கில் பதினான்கு வருடம் மென்பொருள் சோதித்தவள் பிரேமா. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. போன மாதம் அவளுடைய இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட்டை வாடிக்கையாளர் நிறுத்திவிட்டார். அதோடு, அவளையும் சேர்த்து அதில் இருந்த பதினோரு பேரையும் கம்பெனி அனுப்பிவிட்டது. கையில் இருப்பது சென்னையில் ஒரே ஒரு வேலை. வாரம் ஐந்து நாளும் ஆபீஸில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். மகள் ஆஷாவுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. கணவன் தங்கபாண்டிக்குத் தம்பானூரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெட்டியும் பையும் விற்கிற கடை. கடையைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் இந்த ஊரில் ஒரு வேலை கிடைக்காவிட்டால், பிரேமா மட்டும் தனியாக ரயிலேற வேண்டியதுதான்.

மஹேஷ் இருப்பதோ இதே பார்க்கில், இன்னொரு கம்பெனியில், அதுவும் இன்சூரன்ஸ் வேலையில். நாம் என்ன செய்வோம்? பிரேமாவும் அதைத்தான் செய்தாள். கை கழுவிவிட்டு உட்கார்ந்து நீளமாக ஒரு வாழ்த்து எழுதினாள். எழுதியதை எடுத்துக்கொண்டு கீழ் மாடிக்கு ஷில்பாவிடம் போனாள்.

ஷில்பா அதே பதினோரு பேரில் ஒருத்தி. பிரேமாவுக்கு எட்டு வயது இளையவள், வாய் மட்டும் பத்து வயது மூத்தது. இந்த ஒரு மாதத்தில் அறுபத்து மூன்று பேருக்கு மெசேஜ் அனுப்பி, நான்கு பேரிடமிருந்து மட்டும் பதில் வாங்கியவள். நான்கிலும் "பார்க்கலாம்" என்றுதான் இருந்தது. அந்த அனுபவம் பேசும் அல்லவா. போனை வாங்கிப் படித்தவள், கடைசி வரி வரும்வரை முகத்தை மாற்றாமல் இருந்தாள்.

"வாழ்த்து ரெண்டு வரி. பாக்கி முழுசும் விண்ணப்பமாணல்லோ" என்றாள் மலையாளம் கலந்து. "கல்யாண வீட்டுக்குப் போயி, மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டே கடன் கேப்பீங்களா சேச்சி?"

"நான் கேக்கவே இல்லையே. ஏதாவது இருந்தா சொல்லுன்னுதான் எழுதியிருக்கேன்."

"அதுக்குப் பேருதான் கேக்குறது."

தான் அறுபத்து மூன்று தடவை செய்த தப்பு இது என்று ஷில்பா விளக்கினாள். பதவி உயர்ந்த அன்றைக்கு எல்லோரும் வாழ்த்துவார்கள். பாதிப் பேர் வாழ்த்தின் வாலில் ரெஸ்யூமேயைக் கட்டி அனுப்புவார்கள். வாங்குகிறவன் வாலைப் பார்த்ததுமே தலையை மறந்துவிடுவான். வாழ்த்தென்றால் வாழ்த்து மட்டும். அவன் பதில் போட்டால் பேச்சு வளரும், போடாவிட்டாலும் கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டாள் பிரேமா. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பதிலும் தெரிந்தது. காலையில் எதை நினைத்துச் சிரித்தாளோ அதை எழுத வேண்டும்.

கதை இதுதான். மஹேஷ் வேலைக்கு வந்த மூன்றாவது வாரம், பாலிசிதாரரின் பிறந்த தேதியில் பிப்ரவரி 29 என்று போட்டுப் பார்த்தான். அந்த ஆளுக்கு நான்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் வயது ஏறியது. பிரீமியமும் அதற்குத் தகுந்தாற்போல் தூங்கியது. அவன் அதைப் பிழையென்று பதிவு செய்தான். அப்போது டீமின் லீடாக இருந்த பிரேமா, இப்படி எத்தனை பேர்தான் பிறந்திருப்பார்கள் என்று சிரித்து, அவசரமில்லை என்று குறித்து அந்தப் பதிவை மூடிவிட்டாள். பையன் மறுபடி திறந்தான். அவள் மறுபடி மூடினாள். மூன்றாம் தடவை, அந்தத் தேதியில் பிறந்த பாலிசிதாரர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று வாடிக்கையாளரிடமே கேட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றான். பிழையைச் சரிசெய்தார்கள். பாராட்டு வந்தது, டீமுக்கு என்று பொதுவாக வந்தது. நீ சொன்னதுதான் சரி என்று பிரேமா அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. அந்த வாரத்து அவசரத்தில் விட்டுப்போய், பிறகு சொல்ல வெட்கமாகி, அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

இப்போது சொன்னாள். தமிழும் ஆங்கிலமும் கலந்து அவள் எழுதியதைத் தமிழிலேயே தந்தால் இப்படி வரும்:

"மஹேஷ், காலையில் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். பிப்ரவரி 29-இல் பிறந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஞாபகம் வந்தார்கள். அன்றைக்கு நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன், இரண்டு தடவை மூடினேன். நீ சொன்னதுதான் சரி. அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த ஃபார்ம் கையில் வந்தாலும் நான் முதலில் போட்டுப் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். உன் டீம் கொடுத்துவைத்தது. வாழ்த்துகள்."

ஷில்பா படித்தாள். இந்தத் தடவை முகம் மாறியது. நல்லா இருக்கு என்று மெதுவாகச் சொன்னவள், அடுத்த கணமே போனை உற்றுப் பார்த்தாள். மெசேஜின் ஓரத்தில் பிரேமாவின் படம் வட்டமாக இருந்தது. வட்டத்தைச் சுற்றிப் பச்சை வளையம். வேலை தேடுகிறேன் என்று ஊருக்கே சொல்கிற வளையம். வேலை போன அன்றைக்கு அழுத முகத்தோடு அவள் மாட்டிக்கொண்டது.

"நீங்க ஒண்ணும் கேக்கலை. உங்க போட்டோ கேக்குது, கேட்டோ. தெரிஞ்சுக்கோங்க."

இது நல்லதுதான் என்பது ஷில்பாவின் கட்சி. வாய் திறக்காமலே விஷயம் போய்ச் சேர்ந்துவிடும், இருக்கட்டும் என்றாள். பிரேமா சற்று நேரம் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோடு அனுப்பினால் மஹேஷ் என்ன நினைப்பான்? வேலை வேண்டியிருப்பதால் ஒன்பது வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைப்பான். அவன் நினைக்காவிட்டாலும், அவளே நினைப்பாள்.

"வெள்ளிக்கிழமை ஒண்ணு இருக்கு, மறந்துறாதீங்க" என்றாள் ஷில்பா.

"மறக்கலை. ஆனா இந்த ஒரு விஷயத்துல நான் சொல்லுறதை அவன் நம்பணும்" என்றாள் பிரேமா. வளையத்தைக் கழற்றினாள். வாழ்த்தை அனுப்பினாள். ஷில்பா தலையில் கை வைத்துக்கொண்டு காபி போட எழுந்து போனாள்.

மாலையில் கடையிலிருந்து வந்த தங்கபாண்டிக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. தெரிந்தவன் மேனேஜர் ஆகியிருக்கிறான், இவள் கடிதாசி எழுதியிருக்கிறாள், அதில் வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பின்னே எதுக்கு எழுதினே என்றான். சும்மா என்றாள் பிரேமா. சும்மாவா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, கடைக்கு ஒருத்தர் வந்து பெட்டி வாங்காமல் 'கடை நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனால் தனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தான் போலிருக்கிறது. "நல்லாத்தான் இருக்கும்" என்று அவனாகவே சொல்லிக்கொண்டு குளிக்கப் போனான்.

புதன்கிழமை மத்தியானம் வரை பதில் இல்லை. ஷில்பா மணிக்கொரு தரம் மாடியேறி வந்து, எதுவும் கேட்காமல் பிரேமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினாள். சென்னைக்காரர்கள் மட்டும் மறக்காமல் ஒரு நினைவூட்டல் மெயில் அனுப்பினார்கள். பிரேமா அலமாரி மேலிருந்த பழைய பெட்டியை இறக்கித் துடைத்துவைத்தாள். கடையிலிருந்து புதுசு கொண்டுவருகிறேன் என்று தங்கபாண்டி சொன்னதற்கு வேண்டாம் என்றாள். புதுப் பெட்டி வந்தால் போவது நிஜமாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டரை மணிக்கு மஹேஷின் பதில் வந்தது. ஷில்பா அப்போது அங்கேதான் இருந்தாள். இரண்டு பேரும் ஒரே போனில் தலையை நுழைத்துப் படித்தார்கள்.

இருநூற்றுச் சொச்சம் வாழ்த்து வந்ததாகவும், எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் காட்டிவிட்டதாகவும், இதற்கு மட்டும் என்ன எழுதுவது என்று ஒரு நாள் யோசித்ததாகவும் எழுதியிருந்தான். ஊரின் பழைய கோட்டைக்குள் அக்கிரகாரத்து வீட்டில் இருக்கிற அம்மா வாலாம்பாளுக்கு இதைப் படித்துக் காட்டினானாம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் நியாயம் கிடைத்ததா என்று அம்மா கேட்டாளாம். அந்த மூன்றாவது தடவை பிழையைத் திறக்கும்போது, சேச்சி கோபித்துக்கொண்டு பயிற்சியை நிறுத்திவிடுவாள் என்று பயந்ததாகவும் சொல்லியிருந்தான். பிரேமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்கு மேல் அவனிடமிருந்து ஒன்றும் வராவிட்டாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் அவள் நிஜமாகவே நினைத்தாள்.

ஆனால் கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது.

"சேச்சி ப்ரொஃபைல் பார்த்தேன், இப்பவும் அங்கேயேதான் இருக்கேள் போலிருக்கு. நீங்க எங்க நகரப்போறேள்! எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். புது இன்சூரன்ஸ் டீமுக்கு ஒரு லீட் தேவை. இதுவரைக்கும் ஆறு பேரைப் பார்த்தாச்சு. எல்லாரும் டூல் பேரா அடுக்குறா, ஒரு பாலிசின்னா என்னன்னு கேட்டா முழிக்கிறா. உங்களை மாதிரி யாராவது தெரிஞ்சா சொல்லுங்கோ, ப்ளீஸ். அவசரம்."

இரண்டு பேரும் பிரேமாவின் ப்ரொஃபைலைத் திறந்து பார்த்தார்கள். பழைய வேலைக்கு முடிவுத் தேதி போட மனசு வராமல் விட்டிருந்தாள் பிரேமா. வளையம் இருந்தவரை அது யார் கண்ணிலும் படவில்லை. வளையத்தைக் கழற்றியதும், பார்க்கிறவர்களுக்கு அவள் வேலையில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டது. ஊரெல்லாம் ஓட்டை கண்டுபிடித்துப் பதினான்கு வருடம் சம்பளம் வாங்கியவள், தன் ப்ரொஃபைலில் இருந்த ஓட்டையைக் கோட்டைவிட்டிருக்கிறாள்.

ஷில்பா சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் சோபாவில் சாய்ந்துவிட்டாள். பிரேமா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொரு விஷயம் உறைத்தது. மஹேஷ் கேட்கிற ஆள் ஷில்பாவாகவும் இருக்கலாம். ஒன்பது வருட அனுபவம், அதே இன்சூரன்ஸ். அதைச் சொல்லியும்விட்டாள்.

ஷில்பாவின் சிரிப்பு நின்றது. லீடாக ஒரு நாளும் இருந்ததில்லை, பொய்யா எழுத முடியும் என்றாள். பிறகு எழுந்து வந்து பிரேமாவின் கையில் போனை வைத்து விரலை மடக்கினாள். "ஆஷாவோட பரீட்சையை நினைச்சுக்கிட்டு எழுதுங்க. இப்ப நீங்க கேக்கலை சேச்சி. அவரு கேட்டாரு, நீங்க பதில் சொல்லுறீங்க. அவ்வளவுதான்."

பிரேமா மூன்று தடவை எழுதி அழித்தாள். கடைசியில் அனுப்பியது இது:

"ஒரு ஆளைத் தெரியும். பதினான்கு வருட அனுபவம், முழுக்க இன்சூரன்ஸ். ப்ராஜெக்ட் மூடிவிட்டதால் போன மாதத்திலிருந்து சும்மா இருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் சென்னைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரே குறை, பிப்ரவரி 29-ஐப் பார்த்து ஒரு காலத்தில் சிரித்தவள்."

மறுபக்கம் எழுதுவதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின. அப்புறம் புள்ளிகளைக் காணோம். போன் அடித்தது.

"சேச்சி" என்றான் மஹேஷ். "இதை ஏன் நேத்திக்கே சொல்லலை?"

"நேத்து உன்னை வாழ்த்த வந்தேன்டா" என்றாள் பிரேமா.

அதன்பிறகு அவன் மேனேஜராகப் பேசினான். நான் சிபாரிசாகப் பெயரை மட்டும் கொடுக்கலாம், நேர்காணலில் இருக்க மாட்டேன், தெரிந்தவர் என்பதை ஹெச்.ஆரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன் என்றான். மற்றதெல்லாம் உங்கள் பாடு. இரண்டு சுற்று, இரண்டும் நாளைக்கே வைக்கச் சொல்லிப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றான். அதுதான் சரி என்றாள் பிரேமா. வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பிடித்திருக்காது.

வியாழக்கிழமை முதல் சுற்றில் கேள்வி கேட்டவர் லீலாபாய் என்ற மூத்த பெண்மணி. சிரிக்காத முகம். திரையில் ஒரு பாலிசி ஃபார்மைக் காட்டி, இதில் முதலில் எதைப் போட்டுப் பார்ப்பீர்கள் என்றார். பிரேமா யோசிக்கக்கூட இல்லை. பிறந்த தேதியில் பிப்ரவரி 29 என்றாள். சொல்லிவிட்டு, இது நானாகக் கண்டுபிடித்ததில்லை, ஒரு பயிற்சிப் பையன் கண்டுபிடித்தது, நான் அதை இரண்டு தடவை தள்ளிவிட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். லீலாபாய் எதையோ குறித்துக்கொண்டார். தப்பைத் தானே ஒத்துக்கொள்கிற லீடை இந்தப் பார்க்கில் நான் அதிகம் பார்த்ததில்லை என்று மலையாளத்தில் சொன்னார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது சுற்று மத்தியானம் மூன்று மணிக்கு முடிந்தது.

வெள்ளிக்கிழமையைப் பற்றி என்ன சொல்வது. பன்னிரண்டு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, நான்கு ஆயிற்று. தங்கபாண்டி கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆஷா கணக்குப் புத்தகத்தில் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு இருபதுக்குப் பிரேமா சென்னைக்கு அனுப்ப வேண்டிய சம்மத மெயிலைத் திறந்துவைத்தாள். நான்கு முப்பத்தைந்துக்கு ஹெச்.ஆர். மெயில் வந்தது. லீட் வேலை, கழக்கூட்டம், அடுத்த மாதம் முதல் தேதி. பிரேமா அதை இரண்டு தடவை சத்தம் போட்டுப் படித்தாள். ஆஷா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தங்கபாண்டி துடைத்துவைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழையபடி அலமாரி மேல் ஏற்றினான். தேவைக்கு மேல் பின்னால் தள்ளி, சுவரில் இடிக்கும்வரை தள்ளி வைத்தான். சென்னைக்கு மரியாதையாக ஒரு மறுப்பு போனது.

முதல் தேதி வேலையில் சேர்ந்த அன்று பிரேமா ப்ரொஃபைலைத் திருத்தினாள். பழைய வேலைக்கு முடிவுத் தேதி, புது வேலைக்குத் தொடக்கத் தேதி. உடனே லிங்க்ட்இன் ஊருக்கெல்லாம் மணியடித்தது. தயார் வாழ்த்துகள் வரிசையாக வந்து விழுந்தன. டீ குடித்தபடி ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் காட்டிக்கொண்டே வந்தவள், ஒன்றில் நின்றாள். கீழ் மாடி ஷில்பா. நேரில் ஏற்கனவே இனிப்பு ஊட்டியவள், இங்கே முறைப்படி எழுதியிருந்தாள்.

"பிரேமா சேச்சி, வாழ்த்துகள். வேலை போன அன்றைக்கு நான் லிஃப்டில் அழுதேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் எல்லா மாடிப் பட்டனையும் அழுத்தினீர்கள், கீழே போய்ச் சேர நேரமாகட்டும் என்று. அழுது முடித்து முகம் துடைத்துத்தான் வெளியே வந்தேன். அதற்கு நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். உங்கள் டீம் கொடுத்துவைத்தது."

அவ்வளவுதான். பிரேமா மெசேஜை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள், வேறு எதுவும் இல்லை. பிறகு ஷில்பாவின் படத்தைப் பார்த்தாள். இத்தனை நாளாக அதைச் சுற்றியிருந்த பச்சை வளையத்தைக் காணவில்லை.

பிரேமா கட்டைவிரல் காட்டவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு, புது டீமுக்கு இன்னும் எத்தனை டெஸ்டர் எடுக்கப்போகிறார்கள் என்று மஹேஷிடம் போய்க் கேட்டாள். மூன்று பேர் என்றான். சாயங்காலம் வீடு திரும்பியபோது மூன்றாம் மாடிக்கு ஏறாமல் இரண்டாம் மாடியிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் மணியடித்தாள். கதவைத் திறந்த ஷில்பா ஒன்றும் தெரியாதவள்போல் நின்றாள்.

"மெசேஜ் பார்த்தேன்" என்றாள் பிரேமா. "உனக்கு என்ன வேணும்னு நீ சொல்லலை. நான் கேக்குறேன். ரெஸ்யூமேயை எடு."